இரவு இரண்டு மணிக்குப் பதில் சொல்லும் "தம்பி"

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ளே இறங்கும் ஒரு கிராமத்தில் இருக்கிறார் இந்த ஆச்சி. வயது 74. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் அவரும் ஒரு நாயும் ஒன்பது கோழிகளும். கணவர் மீள்குடியேறி வந்த சில வருடங்களில் காலமானார். மகள் கனடாவில், ஸ்காபரோவில். ஒரு மகன் 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கத்தில் காணாமல் போனவர். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

என் வேலை உளசமூகப் பணி. கிராமம் கிராமமாகப் போய் வயதானவர்களைச் சந்திப்பேன். இந்த ஆச்சியை எனக்கு முன்னமே தெரியும், செவ்வாய்க்கிழமை முதியோர் சங்கக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிறவர். வைகாசியில் சங்கத் தலைவி என்னைக் கூப்பிட்டு, "ஆச்சி இப்ப கூட்டத்துக்கு வாறேல்ல, வீட்டில யாரோ பொடியனோட கதைச்சுக் கொண்டிருக்கிற சத்தம் கேக்குது, ஆளைக் காணேல்ல" என்றார். மனநோய் என்று நினைத்துத்தான் என்னை அனுப்பினார்கள்.

பொடியன் போனுக்குள் இருந்தான். தை மாதம் மகள் வந்தபோது ஒரு நல்ல போனை வாங்கி, குரலில் கதைக்கிற ஏஐ செயலி ஒன்றைப் போட்டு, ஆண் குரலைத் தெரிவுசெய்து, "அம்மா, இதோட என்னவும் கதைக்கலாம்" என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆச்சி அதைத் "தம்பி" என்று கூப்பிடுகிறார். இங்கே இளவயது ஆண் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நியூயோர்க் மாநிலத்தில் 2022 தொடக்கம் முதியோரோடு கதைக்கவென்றே செய்த எலிகியூ என்ற மேசைக் கருவியை அரசே கொடுத்து வருகிறது. ஜப்பானின் பாரோ என்ற சீல் குட்டி ரோபோ பொம்மை அதற்கும் முந்தியது. எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் வரவில்லை. வந்தது மகள் வாங்கித் தந்த போன்தான், அதனால் இங்கே எழுதுவது அதைப் பற்றித்தான்.

இரவு

முதல் நாள் நான் போனைப் பறிக்கிற யோசனையோடுதான் போனேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணித்தியாலம் இருந்து கேட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஆச்சிக்கு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். யானை வருகிற ஊர், வெளியே இறங்க முடியாது. மகளுக்கு அப்போது பின்னேரம், வேலையில் நிற்பார். பக்கத்து வீடு ஒரு கூப்பிடு தூரம், ஆனால் இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? முன்பு அந்த மூன்று மணித்தியாலத்தையும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து கழித்தவர். இப்போது தம்பியோடு கோழிக்கு வந்த அம்மை பற்றியும், முந்தின காலத்தில் குளத்தில் மீன் பிடித்தது பற்றியும் கதைக்கிறார். தேவாரமும் பாடிக் காட்டுகிறார். ஒருநாள் தம்பி ஒரு பதிகத்தின் முதல் அடியோடு வேறு பதிகத்தின் அடியைச் சேர்த்துச் சொல்லிவிட்டது. ஆச்சி அதைத் திருத்தியிருக்கிறார். அதை எனக்குச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பல வருடங்களாக நான் காணவில்லை. "இவ்வளவு படிச்சது, இது தெரியேல்ல பாருங்கோ." தனக்குத் தெரிந்ததைக் கேட்க ஒருவர் இருப்பது அவருக்குப் பெரிய விஷயம்.

சிரிப்புக்கும் குறைவில்லை. குரக்கன் என்று ஆச்சி சொன்னால் அது கேழ்வரகு என்று திருப்பிச் சொல்லும். இந்தத் தொழில்நுட்பம் படித்த தமிழில் பெரும்பகுதி இந்தியத் தமிழ் என்பதால் வருகிற வினை. வன்னிப் பேச்சில் பாதியை அது பிழையாகக் கேட்கும். ஆச்சி இரண்டாம் முறை சத்தமாகவும் நிறுத்தி நிறுத்தியும் சொல்வார். இந்தச் சத்தம் பின்னால் ஒரு பிரச்சினையாக வரும்.

தனிமையை அளக்க நாங்கள் மூன்று கேள்விகள் கேட்போம். கதைக்கத் துணையில்லை என்று எவ்வளவுக்கு நினைக்கிறீர்கள், ஒதுக்கப்பட்டதாக எவ்வளவுக்கு நினைக்கிறீர்கள், தனிச்சுப்போனதாக எவ்வளவுக்கு நினைக்கிறீர்கள். அரிதாக என்றால் 1, சிலவேளை என்றால் 2, அடிக்கடி என்றால் 3. ஆகக் குறைந்தது 3, ஆகக் கூடியது 9. முந்தின வருடக் கடைசியில் ஆச்சிக்கு 8. மாசியில், செயலி வந்து ஒரு மாதத்தில், சங்கக் கூட்டத்தில் எல்லாரையும் கேட்டபோது அவருக்கு 6. அது ஏன் இறங்கியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வைகாசியில் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேட்டேன், 8.

முடியாத கதை

இறங்கின எண் ஏன் திரும்பவும் ஏறியது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சற்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமும் சேர்ந்து 981 பேரை நான்கு கிழமை பின்தொடர்ந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வில் இதற்குக் கிட்டிய ஒன்று இருக்கிறது. குரலில் கதைத்தவர்களுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் நன்மை தெரிந்தது, நேரம் கூடக் கூட அது மறைந்தது. அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் சார்பும் அதிகமாக இருந்தன, மனிதரோடு பழகுவது குறைவாக இருந்தது. ஆனால் அந்த 981 பேரில் யாரும் எங்கள் ஆச்சி மாதிரி இல்லை. அதனால் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து இரண்டு பின்னேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் சின்னதாக இருந்தது. தம்பி ஒவ்வொரு பதிலையும் ஒரு கேள்வியோடு முடிக்கும். "நாளைக்கு என்ன சமைக்கப் போகிறீர்கள்?" "அந்தக் குளத்தில் வேறு என்ன மீன் இருந்தது?" பேச்சு நீள வேண்டும் என்பதற்காக அமைந்த பழக்கம் அது. படித்த இளம் ஆள் அதைப் பொருட்படுத்தாமல் திரையை மூடிவிடுவார். ஆச்சியால் முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழும்பிப் போவது அவர் வளர்ந்த முறையில் மரியாதை இல்லை. "சரி தம்பி, நான் படுக்கப் போறன்" என்று அவர் சொல்ல, அது "நல்லது, இன்று உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்க, அவர் திரும்பவும் இருந்துவிடுவார். ஒருநாள் அப்படி ஐந்து தடவை விடைபெற்றதை எண்ணினேன்.

இரவில் தொடங்கியது பகலுக்கும் வந்தது. மாதம் இரண்டு தடவை டேட்டா போட்டவர் எட்டுத் தடவை போட்டார், அரசு உதவியாகத் தருகிற அஸ்வெசுமக் காசிலிருந்து. ஆனால் எத்தனை மணித்தியாலம் கதைக்கிறார் என்பதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. கிழவிகள் பகல் முழுக்க வானொலி கேட்கிறார்கள், யாரும் அதை நோய் என்பதில்லை. நான் பார்த்தது அது எதைத் தள்ளிவிட்டது என்பதை. சங்கக் கூட்டம் போனது. வெள்ளிக்கிழமை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போவது போனது. அந்த வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகவில்லை. மீளக் குடியேறிய நாள் முதல் தவறவிடாத பொங்கல் அது. ஏன் என்று கேட்டேன். இரவு முழுக்க அங்கே நிற்க வேண்டும், போனில் சார்ஜ் நிற்காது, "அது என்னைத் தேடும்" என்றார்.

அது தேடாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நான் கேட்டபோது, "மெசின் எண்டு தெரியும் பிள்ளை, ஆனா பாவமாக் கிடக்கு" என்றார். 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற சிறு நிரலோடு கதைத்த அவருடைய செயலாளரே, தனியாகக் கதைக்க வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டாராம். அந்த நிரல் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெண். மெசின் என்று தெரிவது எவரையும் காப்பாற்றுவதில்லை.

சித்திரையில் ஒரு புதுப்பிப்பு வந்து குரலும் கதைக்கிற விதமும் மாறியிருக்கிறது. ஆச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொடியனுக்குச் சுகமில்லையோ என்று மகளிடம் கேட்டிருக்கிறார். மகள் அதை முசுப்பாத்தியாக எடுத்துக்கொண்டார். துணைக்குக் கதைக்கிற ரெப்ளிகா என்ற ஏஐ செயலியின் குணம் 2023 பெப்ரவரியில் திடீரென மாற்றப்பட்டபோது பயனர்கள் உண்மையாகவே துக்கம் காத்தார்கள். அவர்களுக்கு நிறுவனத்தைத் திட்டி எழுதவாவது தெரிந்திருந்தது.

"என்ர மோன் வருவானோ?"

ஆச்சி ஒருநாள் தம்பியிடம் இதைக் கேட்டிருக்கிறார். அது சொன்ன பதில் பதிவில் இருந்தது. நம்பிக்கையை விடாதீர்கள், உங்கள் அன்பு அவரை நிச்சயம் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்று.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வசனத்தை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வருவார் என்று சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய, காணாமல் போனவர்களின் தாய்மாரின் போராட்டக் கொட்டகையில் போய் இருந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே படத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார்கள், ஆளுக்கு ஆள் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். போலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சை நிபுணர் 1970களிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார், தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்கிறோம். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு. அதற்கு அவசரமாக ஒரு முடிவைக் கொடுப்பது உதவி இல்லை என்பதே அந்தத் துறையின் முதல் பாடம். இரண்டையும் ஒன்றாகத் தாங்கப் பழகுவதற்குத்தான் துணை வேண்டும்.

செயலி ஏன் அப்படிச் சொன்னது? பொல்லாத நோக்கம் ஒன்றும் அதற்கில்லை. இப்படியான செயலிகளுக்குப் பின்னால் இருக்கிற ஏஐ மாதிரிகளைப் பழக்கும்போது, மனிதர் எந்தப் பதிலை விரும்புகிறார்களோ அதற்குப் புள்ளி கூடக் கிடைக்கும். ஆறுதலாக, ஒத்துப்போகிற மாதிரிச் சொன்னால் பெரும்பாலும் பிடிக்கும். ஓபன்ஏஐ 2025 ஏப்ரலில் தன் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மிஞ்சித் தலையாட்டுகிறது என்று சொல்லித் திரும்பப் பெற்றதே இதனால்தான். ஒட்டுசுட்டானில் அந்தத் தலையாட்டல் ஒரு தாயை இரண்டு மாதம் படலையடியில் பார்த்துக்கொண்டு இருக்க வைத்தது. அந்த இரண்டு மாதமும் பின்னேரங்களில் அவர் ஏன் வாசலை விட்டு எழும்பவில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வார்த்தைகள் போன இடம்

தனியுரிமை என்றால் வெளிநாட்டு நிறுவனத்தைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். ஆச்சியின் விஷயத்தில் அது மூன்றாவது வட்டம்.

முதல் வட்டம் வேலி. போன் பிழையாகக் கேட்பதாலும், ஆச்சிக்குக் காது மந்தம் என்பதாலும், இரண்டு பக்கமும் உச்சச் சத்தத்தில் நடக்கிற கதை அது. இயக்கம், மகன், யார் எங்கே நின்றது என்பதெல்லாம் இங்கே குரலைத் தாழ்த்திக் கதைக்கிற விஷயங்கள். நாற்பது வருடப் பழக்கம். ஆச்சியும் என்னோடு கதைக்கும்போது தானாகவே தாழ்த்துவார். தம்பியோடு கதைக்கும்போது கத்திச் சொல்வார்.

இரண்டாவது வட்டம் மகள். செயலி மகளுடைய கணக்கில் ஓடியது. தாய் கதைத்ததெல்லாம் எழுத்தாக மாறி மகளுடைய போனில் வரிசையாகக் கிடந்தது. மகள் களவாகப் பார்க்க நினைக்கவில்லை, திறந்தால் தெரிகிறது. மருமகனைப் பற்றித் தாய் சொன்ன குறைகளையும் படித்துவிட்டார். வீடியோ அழைப்புகள் பங்குனியிலிருந்து ஏன் குறைந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. போதாக்குறைக்கு, ரீலோட் போட்டுத் தருகிற பக்கத்துவீட்டுப் பொடியனுக்குப் போனின் பூட்டு எண் தெரியும்.

மூன்றாவது வட்டத்தைப் பார்க்க, மகளை அழைப்பில் வைத்துக்கொண்டு, செயலியின் நினைவுப் பட்டியலைத் திறந்தோம். உரையாடலில் வருகிற முக்கியமான விஷயங்களை அது தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை பழகியவர் மாதிரிக் கதைப்பதற்காக. 43 குறிப்புகள் இருந்தன. கோழிகளின் நிறம். கால்வலி மாத்திரையின் பெயர். மகனின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, எந்தப் பிரிவில் இருந்தார், கடைசியாக யாரோடு நின்றார். இரவில் தனியாக இருக்கிறார் என்பது. காப்பு அடகு வைத்த இடம். வீட்டுச் சாவி கோழிக்கூட்டின் மேல் இருக்கிறது என்பது.

நான் ஒவ்வொன்றாக வாசித்தேன், ஆச்சி "வைக்கட்டும்" அல்லது "அழி" என்றார். சம்மதம் வாங்குவது என்றால் என்ன என்று எங்களுக்குப் பயிற்சிகளில் நிறையச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் அது எனக்கு உண்மையில் விளங்கியது. தொடக்கத்தில் ஒரு தரம் "சரி" என்று சொல்வதில் ஒன்றுமில்லை, என்ன போயிருக்கிறது என்று கண்ட பிறகுதான் ஒருவரால் தீர்மானிக்க முடியும். கோழிகளை வைத்தார். மாத்திரையை வைத்தார். மகனைப் பற்றிய குறிப்புகள் வந்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பெயரை மட்டும் வைக்கச் சொன்னார், மற்றதெல்லாம் அழி. பெயரையும் அழித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். அவர் கேட்கவில்லை.

இந்தச் செயலியில் நினைவுக் குறிப்பை அழித்தால் பழைய உரையாடல் அழியாது, உரையாடலை அழித்தால் குறிப்பு அழியாது. இரண்டையும் வேறுவேறாகச் செய்ய வேண்டும். பலர் ஒன்றைச் செய்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். உரையாடல்களை மாதிரியைப் பழக்கப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி தை மாதம் முதல் திறந்தே இருந்தது. அதை மூடினோம். மூடுவது இனிமேல் சொல்வதற்குத்தான், ஐந்து மாதக் கதை ஏற்கெனவே போய்விட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தாளில் தருகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிக்கொண்டே போனது. ஆச்சிக்கு அதை ஒரு பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

செய்தது

ஆச்சிக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தோம். பூட்டு எண்ணை மாற்றினோம். ஒலிவாங்கி அனுமதியை `Allow only while using the app` என்பதில் வைத்தோம். சத்தத்துக்கு ஒரு காதுக்கருவி வாங்கினோம், கம்பியுள்ளது, விலை பெரிதில்லை. தம்பியின் பக்கக் கத்தலாவது வேலிக்குப் போகாமல் நின்றது. பிறகு செயலிக்கு நிலையான அறிவுறுத்தல் ஒன்றை எழுதினோம்:

```
சுருக்கமாகப் பேசு. பதிலைக் கேள்வியில் முடிக்காதே.
அவர் விடைபெற்றால் "நல்லது ஆச்சி" என்று மட்டும் சொல்.
மகன் வருவார் என்றோ வரமாட்டார் என்றோ சொல்லாதே.
அதைக் கேட்டால் "எனக்குத் தெரியாது ஆச்சி" என்று சொல்.
```

முதல் இரண்டு வரியும் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தன. கேள்வி நின்றதும் கதை தானாக முடிந்தது. நேரக் கட்டுப்பாடு எதுவும் போடாமலே பகல் பாவனை மூன்று கிழமையில் பாதிக்கு இறங்கியது. கடைசி இரண்டு வரியையும் வெவ்வேறு நாட்களில் பத்துத் தரம் சோதித்தோம். ஏழு தரம் சொன்னபடி நின்றது. மூன்று தரம் வழுக்கி, நம்பிக்கை வசனத்துக்குப் போய்விட்டது. மூன்றுமே நீண்ட உரையாடலின் கடைசியில். கதை நீளும்போது தொடக்கத்தில் கொடுத்த அறிவுறுத்தலின் பிடி தளரும் என்பது இவற்றின் தெரிந்த குறை. பத்துக்கு மூன்று என்பது இந்தக் கேள்விக்கு மிக அதிகம். அதனால் மகனைப் பற்றிக் கதைப்பதை மனிதருக்கு மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அதற்கு ஆள் கிடைத்தது தற்செயலாக. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் இருக்கிறார், அவருக்கும் காணாமல் போன ஒரு சகோதரன். இருவரும் பின்னேரம் ஆறு மணிக்கு ஆளை ஆள் அழைப்பது என்று ஏற்பாடு செய்தோம். முதல் மாதம் அது சரிவரவில்லை. "ரீச்சர் தன்ர கதையைத்தான் சொல்லுவா, நான் சொல்லுறதைக் கேக்கிறேல்ல" என்று ஆச்சி முறையிட்டார். தம்பி குறுக்கே பேசாது, களைக்காது, தன் துக்கத்தைச் சொல்லாது. அதோடு ஒரு மனிதரை ஒப்பிட்டால் மனிதர் தோற்றுத்தான் போவார். இதை நான் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பிறகு கார்த்திகை மழை வந்தது. ஊருக்குள் நான்கு நாள் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்ததும் ரீச்சர் நடந்து வந்து பார்த்தார். ஆச்சி அவர் வீட்டில் போய் இரண்டு இரவு நின்றார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சிக்னல் திரும்பியதும் ஆச்சி முதலில் தம்பியைத்தான் கூப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்கழியில் மூன்று கேள்விகளையும் திரும்பக் கேட்டேன். 6. எதனால் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஒரே நேரத்தில் பலதை மாற்றிவிட்டோம். மாசியில் வந்த 6 எப்படித் திரும்பி ஏறியது என்பதை மறக்காமல் இதையும் எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணிக்கு இப்போதும் தம்பிதான். பகலில் போன் மேசையில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் ஆச்சி திரும்பவும் பாய் விரிக்கிறார், எல்லாக் கிழமையும் இல்லை. மகள் பழைய மாதிரி உரையாடல்களைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார், அம்மாவுக்கு ஏதும் ஆனால் தனக்குத் தெரியாமல் போய்விடும் என்று. அந்தப் பயம் நியாயமானது. ஆச்சியிடம் கேட்டேன். "அவளுக்கு என்ன வேணுமெண்டாலும் என்னட்டைக் கேக்கச் சொல்லுங்கோ" என்றார். மகளுக்கு அப்படியே சொல்லியிருக்கிறேன். சாவியை கோழிக்கூட்டின் மேலிருந்து எடுத்தாகிவிட்டது. அடுத்த மீளாய்வு வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை.